ஊரில் இருக்கும் பெரியப்பா கம்ப்யூட்டரை ரிமோட்டில் சரி செய்வது எப்படி? வேலை முடிந்ததும் மறக்காமல் செய்ய வேண்டியது என்ன?

ஆறுமுகநேரியில் பெரியப்பா, சென்னையில் தம்பி மகன். "எய்யா, புது பிரிண்டர் வாங்கியாச்சு, ஆனா பேப்பர் ஒண்ணும் வர மாட்டேங்கு" என்று போன் வருகிறது. இதற்காக பஸ் ஏறி ஊருக்குப் போக முடியாது. இங்கிருந்தே அவருடைய திரையைப் பார்த்து டிரைவரைப் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறோம், வேலை முடிந்ததும் அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு பக்கமும் விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் Quick Assist போதும். மைக்ரோசாஃப்ட் தருவது, இலவசம். கணினியில் இல்லையென்றால் Microsoft Store-ல் கிடைக்கும். Ctrl + Windows + Q மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவி செய்பவர் மட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் போதும், பெரியப்பாவுக்குக் கணக்கு தேவையில்லை. உதவி செய்பவரின் திரையில் ஒரு குறியீடு வரும். அதை போனில் வாசித்துக் காட்ட, பெரியப்பா தன் பக்கம் அடித்து, அனுமதி கேட்கும்போது Allow கொடுக்க வேண்டும். 10 நிமிடத்துக்குள் அடிக்காவிட்டால் குறியீடு காலாவதி.

இந்த நிலையில் திரை மட்டும்தான் தெரியும். மவுஸை நகர்த்த தனியாக அனுமதி கேட்க வேண்டும், அதற்கும் பெரியப்பாதான் சம்மதிக்க வேண்டும். அனுமதி கொடுப்பதற்கு முன்பே பேங்க் பக்கம், மெயில், வாட்ஸ்அப் வெப் எல்லாவற்றையும் அவரையே மூடச் சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்தானே என்றாலும் பார்க்கத் தேவையில்லாததைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

டிரைவர் போடும்போது ஒரு இடத்தில் பலரும் பயந்துவிடுகிறார்கள். உதவி செய்பவரின் திரை திடீரென்று கறுப்பாகிவிடும். இணைப்பு அறுந்துவிடவில்லை. "இந்த மென்பொருள் கணினியில் மாற்றம் செய்யலாமா?" என்று விண்டோஸ் பெரியப்பாவிடம் கேட்கிறது, அந்தக் கேள்வி நமக்குத் தெரியாது. பெட்டியில் இருக்கும் பெயரை அவரை வாசிக்கச் சொல்லி, பிரிண்டர் கம்பெனி பெயர்தான் என்று உறுதியான பிறகு Yes அழுத்தச் சொல்ல வேண்டும். அழுத்தியதும் திரை திரும்பி வந்துவிடும்.

எனிடெஸ்க் போன்ற செயலிகளில் கதை தலைகீழ். அங்கே எண் பெரியப்பாவின் கணினியில் இருக்கும், அவர் நமக்குச் சொல்ல வேண்டும். மோசடிக்காரர்களுக்கு இது வசதி. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இந்தச் செயலியை போனில் ஏற்றச் சொல்லி, அதில் வரும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தை எடுக்கிறார்கள் என்று 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே வங்கிகளை எச்சரித்தது. Quick Assist மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. அதை வைத்தும் மோசடி நடப்பதாக 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் சொன்னது. அதனால் பெரியப்பாவுக்கு ஒரே ஒரு விதி போதும்: தானாக வந்த அழைப்புக்கு எந்த எண்ணையும் சொல்லவும் கூடாது, அடிக்கவும் கூடாது. உதவி வேண்டுமென்றால் அவர்தான் நம்மைக் கூப்பிட வேண்டும்.

இனி முடிக்கும் வேலை. Quick Assist-ல் Leave அழுத்தி ஜன்னலை மூடினால் முடிந்தது. அடுத்த முறை புதுக் குறியீடு இல்லாமல் நுழைய முடியாது.

எனிடெஸ்க்கில் அப்படியல்ல. ஜன்னலை மூடினாலும், கணினியில் நிறுவப்பட்டிருந்தால் அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். திரையின் கீழே கடிகாரம் பக்கத்தில், மேல்நோக்கிய சிறு அம்புக்குறியை அழுத்தினால் அதன் சின்னம் தெரியும். 'ஒவ்வொரு தடவையும் பெரியப்பாவைத் தொந்தரவு பண்ண வேண்டாமே' என்று Unattended Access-க்குக் கடவுச்சொல் வைத்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அந்தக் கடவுச்சொல் தெரிந்த யாரும் அவர் தூங்கும்போதுகூட உள்ளே வரலாம். செட்டிங்ஸில் Security பகுதிக்குப் போய் அதை அணைத்துவிட்டு, பிறகு விண்டோஸின் Settings-ல் Apps பகுதியில் எனிடெஸ்க்கை Uninstall செய்யுங்கள். வேலைக்காக ஆன்டிவைரஸை நிறுத்தியிருந்தால் திரும்பவும் ஓடவிடுங்கள். நம்முடைய மெயிலில் நுழைந்து டிரைவரை எடுத்திருந்தால் அதிலிருந்தும் வெளியேற வேண்டும், பிரவுசர் கடவுச்சொல்லைச் சேமித்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, சென்னையிலிருந்தே பழைய எண்ணை வைத்து ஒருமுறை இணைத்துப் பாருங்கள். அந்தக் கணினி ஆஃப்லைனில் இருப்பதாக வந்தால் எல்லாம் சரி. பெரியப்பா திரையில் அனுமதி கேட்டு பெட்டி எழும்பினால் எனிடெஸ்க் இன்னும் போகவில்லை. அவர் ஒன்றுமே அழுத்தாமல் உள்ளே போக முடிந்தால் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கிறது.

வேறு யாரோ ஏற்கெனவே நுழைந்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், முதலில் வைஃபையைத் துண்டித்துவிட்டு வங்கிக்கும் 1930 உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். கடவுச்சொற்களை அந்தக் கணினியிலிருந்து மாற்றாதீர்கள், வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.