ஆபீஸ் கொடுத்த கார், யாருடைய கார்? கல்லட்டி செக்போஸ்ட்டில் இருந்து ஒரு வரிக் கதை

(எபிசோட் பேச்சின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஊட்டிக்குப் பக்கத்துல தலைக்குந்தாவுல தொடங்குது. அங்க ஒரு செக்போஸ்ட் இருக்கு. அதைத் தாண்டினா கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவு இறங்கினா எங்க ஊர் மசினகுடி.

2018-ல அந்தப் பாதையில் நடந்த ஒரு பெரிய விபத்துக்கு அப்புறம், வெளியூர் வண்டிகள் கீழே இறங்கக் கூடாதுன்னு தடை வந்தது. நீலகிரிப் பதிவு, அதாவது டி.என் 43 நம்பர் இருந்தா விடுவாங்க. 2022-ல நான் புது காரோட அங்க போய் நின்னேன். நம்பர் கே.ஏ-ல தொடங்குது. "சார், நான் மசினகுடிக்காரன்தான்"னு சொன்னேன். "நீங்க மசினகுடி சரி, வண்டி இல்லையே"ன்னாங்க. திரும்பி கூடலூர், தெப்பக்காடு வழியா ரெண்டு மடங்குக்கு மேல சுத்தி வீட்டுக்குப் போனேன்.

அப்பா சஃபாரி ஜீப் ஓட்டுறவர். ஆர்.சி-யை வாங்கிப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏன்டா, வண்டி உன் பேர்லயே இல்லையே?"

இல்லைதான். அது என் பெங்களூர் கம்பெனி மூலமா வந்த லீஸ் கார். பதிவு லீஸ் நிறுவனத்தோட பேர்ல. வாடகை என் சி.டி.சி-யில இருந்து போகுது. இப்படி ஒரு ஏற்பாடு ஏன் உருவாச்சு? அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

முதல்ல பிரிட்டனுக்குப் போவோம். 1975-ல விலைவாசி தாறுமாறா ஏற, அரசு சம்பள உயர்வுக்கு ஒரு உச்சவரம்பு வச்சது. வாரத்துக்கு 6 பவுண்டுக்கு மேல ஏத்தக் கூடாது. வருஷம் 8,500 பவுண்டுக்கு மேல வாங்குறவங்களுக்கு உயர்வே கிடையாது. நல்ல ஆளைப் பிடிச்சு வைக்க கம்பெனிகள் என்ன பண்ணும்? சம்பளத்தை ஏத்த முடியாது, கார் கொடுக்கலாம். கார் கொடுக்கிற வழக்கம் அந்தக் காலத்துல பெருகிப் போச்சு. வரித்துறையும் சும்மா இருக்கல. 1976-ல கம்பெனி காருக்கு எஞ்சின் அளவை வச்சு ஒரு பட்டியல் போட்டு வரி கேட்டது.

இந்தியாவும் அதே மாதிரி எஞ்சின் அளவைத்தான் பிடிச்சுக்கிட்டது. 2001-ல வருமான வரி விதி 3 திருத்தப்பட்டது. ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓடுற கம்பெனி கார்னா, எஞ்சின் 1.6 லிட்டர் வரைக்கும் மாசம் 1,200 ரூபாய், அதுக்கு மேலன்னா 1,600 ரூபாய். அந்தத் தொகையை மட்டும் உங்க வருமானத்துல சேர்ப்பாங்க. காரோட விலை என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

2005-ல ப. சிதம்பரம் வேற வழி பிடிச்சார். ஊழியரை விட்டுட்டு கம்பெனிகிட்டயே வாங்குற 'ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் வரி'. கம்பெனி காருக்கு 100 ரூபாய் செலவு பண்ணினா, அதுல 20 ரூபாயைச் சலுகைன்னு எடுத்து, அதுக்கு 30 சதவீதம், அதாவது 6 ரூபாய் வரி. ஊழியர் கையில பூஜ்யம். கம்பெனிகளுக்கு இது பிடிக்கவே இல்லை. 2009 பட்ஜெட்ல பிரணாப் முகர்ஜி அதை எடுத்துட்டார். அந்த வருஷ டிசம்பர்ல பழைய விதி புது எண்ணோட திரும்பி வந்தது: 1,800 மற்றும் 2,400. டிரைவர் இருந்தா கூட 900.

நான் கையெழுத்துப் போட்ட 2022-லயும் அதே 1,800-தான். 13 வருஷத்துல கார் விலை எங்கேயோ போயிடுச்சு, எண் மட்டும் அசையல. 7 லட்ச ரூபாய் காரா இருந்தாலும், 1.5 லிட்டர் எஞ்சின் உள்ள 17 லட்ச ரூபாய் காரா இருந்தாலும், வரிக் கணக்குல ரெண்டும் ஒண்ணு. கார் லீஸ் திட்டத்தோட கவர்ச்சி மொத்தமும் இந்த இடைவெளியிலதான் இருக்கு.

என் கணக்கைச் சுற்றிவளைச்ச எண்கள்ல சொல்றேன். கார் ஆன்ரோடு 12 லட்சம். லீஸ் வாடகை இன்சூரன்ஸோட மாசம் 27,000, 48 மாசம். கடைசியில 2.5 லட்சம் கட்டினா கார் எனக்கு. மொத்தம் 15.46 லட்சம். பெட்ரோலும் சர்வீஸும் மாசம் 8,000, அதுவும் கம்பெனி வழியா. ஆக 35,000 சம்பளத்துல குறைஞ்சது, 1,800 மட்டும் திரும்பச் சேர்ந்தது. 31.2 சதவீத வரியில மாசம் சுமார் 10,350 மிச்சம். நாலு வருஷத்துல கிட்டத்தட்ட 5 லட்சம். காரோட நிகரச் செலவு பத்தரை லட்சம்.

இதே காரை நானே வாங்கியிருந்தா? 2 லட்சம் கையில, 10 லட்சம் கடன், 9 சதவீதம், நாலு வருஷம். இ.எம்.ஐ சுமார் 24,900. அடுத்தடுத்த வருஷ இன்சூரன்ஸ் 90,000 சேர்த்தா 14.85 லட்சம். இங்க ஒரு வேடிக்கையைப் பாருங்க. 2022-ல சொந்தக் காருக்கு கம்பெனி பெட்ரோல் காசு கொடுத்திருந்தா, அந்த 8,000-ல 1,800 மட்டும்தான் விலக்கா இருந்திருக்கும், மீதிக்கு வரி. லீஸ் காருக்கு அப்போ 1,800 மட்டும் வரி, மீதி விலக்கா இருந்தது. ஒரே எண், தலைகீழா வேலை செஞ்சது. மாசம் 560 ரூபாய்தான் மிச்சம். கார் அலவன்ஸ்னு காசாவே வாங்கினா முழுசா வரி.

ஆக லீஸ் நாலு லட்சம் லாபம். ஆனா வரியைக் கழிக்காம பாருங்க: 15.46-க்கு எதிரா 14.85. லீஸ்தான் விலை அதிகம். லாபம் முழுக்க வரியில இருந்து வருது. வரி கட்டுற அளவு சம்பளம் இல்லாதவருக்கு இந்தத் திட்டம் நஷ்டம்.

அந்த வரிச் சலுகை வேலையோட கட்டப்பட்டிருக்கு. இதை நான் 17-வது மாசம் கத்துக்கிட்டேன். ஆட்குறைப்புல என் பேர் வந்தது. எச்.ஆர் மெயில்ல மூணு வழி இருந்தது: புது கம்பெனி லீஸை எடுத்துக்கணும், இல்லேன்னா நான் முழுத் தொகையும் கட்டி முடிக்கணும், இல்லேன்னா காரைத் திருப்பிக் கொடுக்கணும். புது வேலை இன்னும் கிடைக்கல. கட்டி முடிக்க அபராதம், ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்து 9.4 லட்சம். திருப்பிக் கொடுத்தேன். அவங்க 8.25 லட்சத்துக்கு வித்தாங்க. குறைஞ்ச 1.15 லட்சத்தை என் கடைசி செட்டில்மென்ட்ல பிடிச்சுட்டாங்க. 17 மாசத்துல மிச்சம் பண்ணின வரி 1.76 லட்சம். கையில மிஞ்சினது 61,000 ரூபாய், கார் இல்லை.

பேங்க் கடனா இருந்திருந்தா? வேலை போனதுக்காக பேங்க் மொத்தப் பணத்தையும் கேக்காது. இ.எம்.ஐ வந்தாப் போதும். மூணு நாலு மாசம் சேமிப்புல ஓட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பேன், அதே கார்ல.

லீஸ் தப்புன்னு நான் சொல்லல. 30 சதவீத வரியில இருந்து, 48 மாசம் அங்கயே இருப்பேன்னு நம்பிக்கை இருந்தா கணக்கு உங்க பக்கம்தான். கையெழுத்துக்கு முன்னாடி எச்.ஆர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. முதல்ல, 6, 12, 18, 24-வது மாசங்கள்ல வெளியேறினா எவ்வளவுன்னு ஒரு பட்டியல் எழுத்துல வேணும். ரெண்டாவது, அவங்க கணக்குல போட்டிருக்கிற அந்த மாச எண் இந்த வருஷமும் அதேதானா. 2001-லயும் 2009-லயும் மாறின எண் அது. அது ஏறினா உங்க லாபம் இறங்கும், லீஸ் வாடகை மட்டும் குறையாது.

இப்போ செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன கார் வாங்கியிருக்கேன், அப்பா வீட்டு முகவரியில. டி.என் 43. போன மாசம் தலைக்குந்தாவுல நம்பரைப் பார்த்தாங்க, கையைக் காட்டினாங்க, இறங்கிட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.