இயந்திரப் படைப்பைக் கண்டறிதல் (இலக்கியப் போட்டி)

கண்டறியும் கருவிகள் பல, அடுத்த சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. கவிதையில் அந்த அளவு தடுமாறும்: சொற்கள் குறைவு, யாப்பும் திரும்பவரும் அடிகளும் மனிதர் எழுதியதையே இயந்திரத்தனமாகக் காட்டும். கதையிலோ பேச்சுமொழியைக் கேட்டால் இயந்திரமும் தருகிறது; அதனால் அதை மனிதர் எழுதியதற்கு அடையாளமாகக் கொள்ள முடியாது. ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவி, 1,000 எழுத்துக்குறிகளுக்குக் குறைந்த பகுதிகளில் நம்பத்தக்கதல்ல என அந்நிறுவனமே கூறியது. துல்லியம் போதாமல் அதே ஆண்டு ஜூலையில் அதை விலக்கியது.

எனவே கருவியை நம்பாமல் நடுவர் உள்ளூர் விவரத்தைப் பார்க்கலாம். தேவிகுளம் தேயிலைத் தோட்டத்தில் 1930இல் நடக்கும் கதை ஒன்றில் நாயகி மூணாறில் ரயில் ஏறினால் ஐயம் எழ வேண்டும்: அங்கிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தது. மனிதரும் இப்படித் தவறலாம் என்பதால் அதை மட்டும் வைத்துத் தள்ளக்கூடாது. முந்தைய வரைவுகளைக் கேட்டு, எழுதியவருடன் பேசிய பிறகே முடிவெடுப்பது நியாயம்.