நீண்ட உரையிலிருந்து நெடுவாக்குக் குறுங்காணொளிகள்

அகலவாக்கில் பதிவான நீண்ட உரையிலிருந்து சில பகுதிகளை வெட்டி, கைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பதற்கு ஏற்ற வடிவில், பேச்சின் எழுத்து வடிவத்தைப் படத்திலேயே பதித்துத் தருவது நெடுவாக்குக் குறுங்காணொளி ஆகும். யூடியூப் ஷார்ட்ஸில் இதன் நீளம் முதலில் 60 நொடிக்குள் இருக்க வேண்டியிருந்தது; 2024 அக்டோபர் முதல் 3 நிமிடம் வரை ஏற்கப்படுகிறது.

பகுதியைத் தேர்வதே முதல் வேலை. எடுத்த துண்டு முன்பின் இல்லாமல் தனியே புரிய வேண்டும். "இதனால்தான்", "முன்னே சொன்னபடி" என்று தொடங்கும் பகுதி, கருத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும், புதிதாகப் பார்ப்பவருக்குப் பிடிபடாது. பேச்சாளர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் "ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை" என்று வரம்பு கட்டுவதுண்டு. அந்த வாக்கியத்துக்கு முன்பே வெட்டினால் அவர் சொல்லாததை அவர் வாயில் திணித்ததாகிவிடும். ஐந்தாறு நொடி கூடினாலும் அதைச் சேர்த்தே வெட்டுவது முறை.

அடுத்தது சட்டகம். 1920×1080 பிக்சல் அளவுள்ள படத்தின் முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு 9:16 விகிதத்தில் வெட்டினால் அகலம் 607.5 பிக்சல் வரும். வழக்கமான குறியாக்கத்துக்கு இரட்டைப்படை எண் தேவை என்பதால் 608 என்று கொள்வர். அதாவது மூலப்படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். அதையும் 1080×1920 ஆகப் பெரிதாக்கும்போது கூர்மை கொஞ்சம் குறையும். உரையை 4கே தரத்தில் பதிந்திருந்தால் இந்த இழப்பு இல்லை. பேச்சாளர் மேடையில் நடமாடினால் வெட்டுச் சட்டகமும் அவரோடு நகர வேண்டும். அவர் திரையைக் காட்டிப் பேசும் பகுதியாக இருந்தால் திரையை மேலேயும் அவரைக் கீழேயும் அடுக்குவர்.

ஓர் எடுத்துக்காட்டு: 50 நிமிட உரையில் 12:40 முதல் 42 நொடி தேவை. பேச்சாளர் ஒரே இடத்தில் நிற்கிறார். அவர் முகத்தின் நடுப்புள்ளி இடது ஓரத்திலிருந்து 1300 பிக்சலில் இருக்கிறது. 608-இல் பாதியான 304-ஐக் கழித்தால் வெட்டு 996-இல் தொடங்க வேண்டும். `ffmpeg` என்னும் இலவச மென்பொருளில் கட்டளை இப்படி அமையும்:

```
ffmpeg -ss 00:12:40 -i urai.mp4 -t 42 \
 -vf "crop=608:1080:996:0,scale=1080:1920,subtitles=t1.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=10,MarginL=40,MarginR=40,MarginV=60'" \
 -c:v libx264 -crf 20 -c:a aac t1.mp4
```

வெட்டு, பெரிதாக்கல், எழுத்து என்ற வரிசை மாறக் கூடாது. எழுத்தை முதலில் பதித்துவிட்டுப் பிறகு வெட்டினால் வரிகளின் இரு முனையும் படத்தோடு சேர்ந்து போய்விடும்.

எழுத்தின் அளவு முதல் முறை செய்பவரைக் குழப்பும். `.srt` கோப்பைப் படிக்கும்போது இந்த மென்பொருள் படத்தின் உயரத்தை 288 அலகாகக் கொள்கிறது. எனவே 10 என்ற எழுத்தளவு 1920 பிக்சல் உயரத்தில் ஏறக்குறைய 67 பிக்சலாகும். `MarginV=60` என்பது அடியிலிருந்து 400 பிக்சல். அவ்வளவு உயர்த்துவது காரணத்தோடுதான்: செயலிகள் தலைப்பையும் கணக்கின் பெயரையும் படத்தின் அடிப்பகுதியில் காட்டுவதால், அங்கே வைத்த எழுத்து மறைந்துவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இந்த அகலத்தில் வரிக்கு இரண்டு மூன்று சொல்லே பிடிக்கும். ஆகவே முழு வாக்கியத்தையும் ஒரே நேரத்தில் காட்டாமல், பேச்சு இயல்பாக நிற்கும் இடங்களில் உடைத்து, இரண்டு வரிக்கு மிகாமல் காட்டுவது நல்லது.

அடிக்கடி நேரும் பிழை நேரக்கணக்கில். `-ss` உள்ளீட்டுக் கோப்புக்கு முன் வருவதால் துண்டின் நேரம் சுழியிலிருந்து தொடங்குகிறது. முழு உரைக்குமான `.srt` கோப்பை அப்படியே கொடுத்தால் அதன் முதல் 42 நொடிக்குரிய வரிகள், அதாவது உரையின் தொடக்கத்திலுள்ள வணக்கமும் வரவேற்பும், இந்தத் துண்டின் மேல் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். 12:40-ஐக் கழித்து நேரங்களை மாற்றிய தனிக்கோப்பு ஒவ்வொரு துண்டுக்கும் வேண்டும்.

தமிழுக்கென்றே உரிய சிக்கல் ஒன்று உண்டு. "கொ" என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் பின்னும் அமைய வேண்டும். எழுத்தைக் கோத்துக் காட்டும் வசதி இல்லாத மென்பொருளில் அவை பிரிந்தும் இடம் மாறியும் நிற்கும்; தமிழ் எழுத்துரு கிடைக்காவிட்டால் வெறும் கட்டங்கள் தோன்றும். ஒற்றெழுத்தும் கொம்பும் உள்ள ஒரு வரியைப் பதித்துப் பார்த்துவிட்டு மற்றத் துண்டுகளைத் தொடங்கினால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பதித்த எழுத்தை அணைக்கவோ திருத்தவோ முடியாது. ஒரு பெயர் தவறாக இருந்தாலும் அந்தத் துண்டை மீண்டும் உருவாக்கியாக வேண்டும். அதனால் மூலப்பதிவையும், துண்டு வாரியான `.srt` கோப்புகளையும், பயன்படுத்திய கட்டளைகளையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது வழக்கம்.