சத்துகளின் ஆற்றல் மதிப்பும் குறைபாட்டு நோய்களும்

பள்ளி அறிவியல் தேர்வில் 4, 4, 9 என்ற எண்கள் அடிக்கடி வரும். ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கிலோகலோரி ஆற்றல் தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் ஆட்வாட்டர் வகுத்த கணக்கு இது.

ஆக்சிஜன் நிரப்பிய கலத்தில் எரித்தால் ஒரு கிராம் புரதம் 5.65 கிலோகலோரி வெப்பம் தரும். உடம்புக்கு அவ்வளவும் கிடைப்பதில்லை. புரதத்தின் நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் போகும்போது 1.25 கிலோகலோரியும் கூடவே போய்விடுகிறது. மீதி 4.40. அதிலும் 92 சதவீதமே செரிக்கும் என்று வைத்தால், ஏறத்தாழ 4 மிஞ்சும். சில பாடநூல்களில் 5.65 என்றும் இருப்பதால் மாணவர் குழம்புவது இயல்பு. அது எரிகலத்தின் அளவு, 4 உடம்புக்குச் சேரும் அளவு.

நிலக்கடலையைக் கணக்குக்கு எடுக்கலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் கடலையில் புரதம் 25.3 கிராம், கொழுப்பு 40.1, மாவுச்சத்து 26.1. புரதத்துக்கு 101.2, கொழுப்புக்கு 360.9, மாவுச்சத்துக்கு 104.4 என்று பெருக்கிக் கூட்டினால் 566.5. அட்டவணையில் இருப்பது 567! ரகத்துக்கு ரகம் இது கொஞ்சம் மாறும்.

ஆனால் கலோரிக் கணக்கில் நோய் தெரியாது. அதே அட்டவணையில் தீட்டிய பச்சரிசிக்கு 345 கிலோகலோரி, தீட்டிய புழுங்கல் அரிசிக்கு 346. தயமின் எனும் பி1 வைட்டமினோ பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், புழுங்கலில் 0.21. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும்.

தயமின் குறைந்தால் பெரிபெரி வரும். 1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளின் கால்கள் துவண்டுபோவதையும், தவிடு சேர்த்ததும் அவை தேறுவதையும் கண்டார். அரிசியில் நஞ்சு இருக்கிறது என்று முதலில் நினைத்தார். நஞ்சு அல்ல, தேவையான ஒரு பொருள் இல்லாததே காரணம் என்று 1901இல் விளக்கியவர் அவருடைய சக ஆய்வாளர் கிரைன்ஸ். நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் 1936இல் தயமினைச் செயற்கையாகத் தயாரித்தார்.

நோயாளிக்குக் காலும் பாதமும் மரத்துப்போகும், கெண்டைச்சதை அழுத்தினால் வலிக்கும், குந்தி உட்கார்ந்தால் எழ முடியாது. இன்னொரு வகையில் கால் வீங்கி இதயம் தளரும். பொருத்துக வினாவில் இத்தனையும் ‘பி1 – பெரிபெரி’ என்ற ஒரே கோட்டில் அடங்கிவிடுகிறது. தயமின் நீரில் கரைவது. அரிசியைப் பலமுறை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் புழுங்கல் அரிசியிலும் அது குறைந்துபோகும்.