மீள்வரு தொடர்பும் சிறப்பியல்புச் சமன்பாடும்

ஒரு தொடர்வரிசையின் ஒவ்வோர் உறுப்பையும் முந்தைய உறுப்புகளின் மாறிலி மடங்குகளது கூட்டலாகத் தரும் விதி, மாறிலிக் கெழு நேரியல் மீள்வரு தொடர்பு எனப்படும். aₙ = 4aₙ₋₁ − 4aₙ₋₂, a₀ = 1, a₁ = 6 என்பதில் aₙ = rⁿ எனப் பிரதியிட்டால், r² − 4r + 4 = 0 என்ற சிறப்பியல்புச் சமன்பாடு கிடைக்கிறது; அதன் மூலம் 2, இருமுறை வருவது. மூலங்கள் வேறுபட்டிருந்தால் அவற்றின் அடுக்குகளை மாறிலிகளால் பெருக்கிக் கூட்டுவதே போதும்; இங்கோ A·2ⁿ + B·2ⁿ என எழுதினால் இரு மாறிலிகளும் ஒன்றாகிவிடுவதால், a₀ = 1 என்றதுமே a₁ = 2 எனக் கட்டாயமாகி, கொடுத்த 6 பொருந்தாமல் போகிறது. இரட்டை மூலம் சமன்பாட்டின் வகைக்கெழுவையும் பூச்சியமாக்குவதால் n·2ⁿ என்பதும் தீர்வாகிறது; எனவே aₙ = (A + Bn)2ⁿ. தொடக்க மதிப்புகளிலிருந்து A = 1, B = 2 என வருகின்றன. aₙ = (1 + 2n)2ⁿ தரும் a₂ = 20 என்பதே 4·6 − 4·1 என்பதன் மதிப்பும் ஆகும்.