வளைநா ஒலிகளும் இந்திய மொழிப் பிரதேசமும்

ட, ண, ள ஆகியவற்றை ஒலிக்கும்போது நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகின்றது. இவற்றை வளைநா ஒலிகள் என்பர். பலூசிஸ்தானத்துப் பிராகுயி தொடக்கம் தமிழ் வரை திராவிட மொழிகளில் இவ்வகை ஒலிகள் உள்ளன. சமஸ்கிருதத்திலும் அவை உண்டு. ஆனால் சமஸ்கிருதத்தின் நெருங்கிய உறவான அவெஸ்தாவிலோ, கிரேக்கத்திலோ, இலத்தீனிலோ அவை இல்லை. உறவற்ற மொழிகள் ஒரே நிலப்பரப்பில் வாழ்ந்தமையால் பெறும் இத்தகைய ஒற்றுமைகளை வைத்தே எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழிப் பிரதேசம் என வரையறுத்தார். 1967இல் கைப்பர் அதன் தோற்றத்தை வேத காலத்திற்கே கொண்டுசென்றார்.

இம்முடிபுக்கு எதிரான வாதம் வலுவானது. சமஸ்கிருத வளைநா ஒலிகள் பலவற்றை அம்மொழியின் உள் விதிகளாலேயே விளக்கலாம். கூட்டைக் குறிக்கும் ‘நீட’ என்னும் சொல்லை நோக்குக. அதன் மூலவடிவம் ‘நிஸ்த’ என்பதை ஒத்தது. ‘கீழ்’, ‘இரு’ எனும் பொருளுடைய இரு கூறுகள் அதில் உள்ளன. இகரத்தின் பின் வந்த ஸகரம் உட்புறமாக நகர்ந்து, அடுத்து நின்ற பல்லொலியை டகரமாக்கிப் பின் மறைந்தது. மறைந்ததற்கு ஈடாக இகரம் நீண்டது. இலத்தீனில் இதே சொல் ‘நீதுஸ்’ எனப் பல்லொலியுடனேயே நிற்கின்றது. இத்தகைய மாற்றங்களுக்குத் திராவிடச் செல்வாக்கு இன்றியமையாததன்று என 1975இல் ஹொக் வாதிட்டார்.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. எட்டு என்னும் எண் சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’, அவெஸ்தாவில் ‘அஷ்த’. ஏறத்தாழ ஒரே நிலையிலிருந்து புறப்பட்ட இரு மொழிகளுள் ஒன்றில் மாத்திரம் நா வளைந்தது. உள் விதி மாற்றம் நிகழக்கூடிய இடத்தைக் காட்டுகின்றது. அம்மாற்றம் இந்தியாவில் இத்திசையில் சென்றமைக்கான காரணத்தை அது கூறவில்லை. கல், கள் என்பன போல இவ்வேறுபாட்டால் பொருளை உணர்ந்து பழகிய செவியினர், ஆரிய மொழியைக் கற்றபோது அதன் இடைப்பட்ட ஒலிகளை வளைநா ஒலிகளாகக் கேட்டிருத்தல் கூடும். வேதப் பாடல்கள் வாய்மொழியாகக் கையளிக்கப்பட்ட காலத்திலேயே இவ்வொலிகள் அவற்றுள் பெருகின என்பது தேஷ்பாண்டே 1979இல் முன்வைத்த கருத்து.

இருக்கு வேதத்தில் திராவிடக் கடன்சொற்கள் சிலவே எனக் கொள்ளப்படுகின்றன, அவையும் விவாதத்திற்குரியன. இது தொடர்புக் கொள்கையை முறியடிப்பதன்று. தம் மொழியைக் கைவிட்டு வேறொரு மொழியை ஏற்கும் மக்கள், சொற்களைக் காட்டிலும் உச்சரிப்பையும் தொடரமைப்பையுமே அதற்குள் கொண்டுசெல்வர். கூற்றின் இறுதியில் சமஸ்கிருதம் ‘இதி’ என்பதையும் தமிழ் ‘என்று’ என்பதையும் வைப்பதனைக் கைப்பர் இதனாலேயே சுட்டினார்.

ஆயினும் அம்மக்கள் திராவிடரே என்று வளைநா ஒலியை மட்டுங்கொண்டு முடிவுகட்டல் இயலாது. எந்தக் குடும்பத்தையும் சேராத, ஹுன்சாப் பள்ளத்தாக்கின் புருஷாஸ்கி மொழியிலும் அவை உள்ளன. ‘தூய’ ஆரிய மொழி என ஒரு சாரார் போற்றும் வேதமொழியிலேயே பிறமொழியாளரின் நா பதிந்திருக்கின்றது எனலாம். அந்நாவுக்குரியோரின் இனப்பெயரை ஒலியிலிருந்து படித்தறிய முடியாது.