ஹோப் விரிகுடா: ஸ்டே வாங்கிய ஒரு கண்டம்

1952 பிப்ரவரி 1. அண்டார்டிக் தீபகற்பத்தின் வடமுனையில் இருக்கும் ஹோப் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் குழு கரையிறங்குகிறது. தீயில் அழிந்துபோன தங்கள் பழைய முகாமைத் திரும்பக் கட்ட வந்தவர்கள் அவர்கள். அங்கே ஏற்கெனவே இருந்த அர்ஜென்டினாக்காரர்கள், அவர்களுடைய தலைக்கு மேலே இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். யாருக்கும் காயமில்லை. பிரிட்டன் ஒரு போர்க்கப்பலை அனுப்பி, அதன் காவலில் முகாமைக் கட்டி முடித்தது.

ஆளே வாழாத பனிக்கரைக்கு ஏன் இந்தச் சண்டை? அந்தத் தீபகற்பத்தை பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி மூன்றுமே தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தன. கண்டம் முழுக்கப் பார்த்தால், நிலம் கோரிய நாடுகள் மொத்தம் 7. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கோரவில்லை. ஆனால் மற்றவர்களின் கோரிக்கையை ஏற்கவும் இல்லை, பின்னால் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

1957-58இல் பன்னாட்டு புவி இயற்பியல் ஆண்டு என்ற பெயரில் 12 நாடுகள் அங்கே சேர்ந்து ஆய்வு செய்தன. அந்த ஒத்துழைப்பு கலையக்கூடாது என்றுதான் 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் அண்டார்டிக் ஒப்பந்தம் கையெழுத்தானது. ராணுவ நடவடிக்கை கூடாது, அணுகுண்டு வெடிக்கக்கூடாது, ஆய்வு சுதந்திரமாக நடக்கலாம் என்பவை அதன் விதிகளில் சில. ஆனால் நிலம் யாருக்கு என்று அது தீர்ப்புச் சொல்லவே இல்லை!

அதன் 4ஆவது பிரிவு செய்ததெல்லாம், நம்ம ஊர் சொத்து வழக்கில் வாங்கும் ஸ்டே மாதிரி. பழைய கோரிக்கையை யாரும் கைவிட்டதாக அர்த்தமில்லை, மற்றவர்கள் அதை ஏற்றதாகவும் அர்த்தமில்லை. ஒப்பந்தம் இருக்கும்வரை யாரும் புதிதாகக் கோரவோ, பழையதைப் பெரிதாக்கவோ கூடாது. முக்கியமாக, இந்தக் காலத்தில் அங்கே என்ன செய்தாலும் அது உரிமைக்கு ஆதாரம் ஆகாது.

இந்தக் கடைசி வரி எப்படி வேலை செய்கிறது என்பதையும் அதே விரிகுடாவிலேயே பார்க்கலாம். 1978 ஜனவரியில், அங்கிருக்கும் அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா தளத்தில் எமிலியோ பால்மா என்ற குழந்தை பிறந்தது. கர்ப்பிணியான தாயை நாட்டிலிருந்து அங்கே கூட்டிப்போனதே, அந்த மண் நம்முடையது என்று காட்டத்தான். அண்டார்டிகாவில் பிறந்த முதல் மனிதர் என்ற பெயர் எமிலியோவுக்குக் கிடைத்தது. அர்ஜென்டினாவின் உரிமைக்கு? சட்டப்படி ஒன்றும் கூடவில்லை. 4ஆவது பிரிவு அதைக் கணக்கிலேயே எடுக்காது.

சரி, யாருக்குச் சொந்தம் என்று தெரியாத நிலத்தில் ஆய்வு நடத்தலாம். சுரங்கம் தோண்ட முடியுமா? யார் அனுமதி தருவது, வருமானம் யாருக்கு? ஸ்டே பதில் சொல்லாத கேள்வி இது. இதற்காக 6 ஆண்டுகள் பேசி, 1988இல் கனிமங்களுக்கென்று தனி உடன்படிக்கை ஒன்றைத் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் பஹியா பராய்சோ என்ற அர்ஜென்டினக் கப்பல் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பாறையில் மோதி, சுமார் 6 லட்சம் லிட்டர் எரிபொருள் கடலில் கலந்தது. அதே ஆண்டில், நிலம் கோரும் நாடுகளான ஆஸ்திரேலியாவும் பிரான்ஸும் அந்த உடன்படிக்கையில் சேர மறுத்துவிட்டன. அது நடைமுறைக்கு வரவே இல்லை.

அதன் இடத்தில் வந்ததுதான் 1991இன் மாட்ரிட் நெறிமுறை. ஆய்வு தவிர, கனிமம் தொடர்பான எந்த வேலையும் கூடாது என்று ஒரே வரியில் அதன் 7ஆவது பிரிவு தடுத்துவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்த உயிரினங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. சீல்களுக்கு நோய் பரவும் என்ற அச்சத்தில், பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களைக்கூட 1994க்குள் வெளியேற்றிவிட்டார்கள்.

புதிய தளம் கட்டுவதாக இருந்தால் முதலில் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வரைவை மற்ற நாடுகளுக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவின் பாரதி தளம் இருப்பது ஆஸ்திரேலியா கோரும் பகுதியில். இந்தியா நிலத்துக்காக ஆஸ்திரேலியாவிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மதிப்பீட்டை எல்லோரிடமும் காட்ட வேண்டியிருந்தது. இதில் ஒரு பலவீனமும் உண்டு. மற்றவர்கள் கருத்துச் சொல்லலாமே தவிர, தடுக்க முடியாது. கடைசி முடிவு கட்டும் நாட்டின் கையில்தான்.

"2048இல் ஒப்பந்தம் காலாவதி, அப்புறம் எல்லோரும் தோண்டுவார்கள்" என்று இணையத்தில் அடிக்கடி படிப்போம். அது தவறு. ஒப்பந்தத்துக்கோ சுரங்கத் தடைக்கோ காலாவதி தேதியே கிடையாது. நெறிமுறை நடைமுறைக்கு வந்தது 1998இல். அதிலிருந்து 50 ஆண்டு கழித்து, அதாவது 2048இலிருந்து, முடிவெடுக்கும் உரிமையுள்ள எந்த நாடும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம். அவ்வளவுதான். அங்கேயும் தடையை நீக்க வேண்டுமானால், முதலில் சுரங்கத்துக்கென்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு சட்ட ஏற்பாடு இருக்க வேண்டும். 1991இல் அந்த உரிமை பெற்றிருந்த 26 நாடுகளும் மாற்றத்தை ஏற்று உறுதிசெய்ய வேண்டும்.

ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. மாநாடு ஏற்றுக்கொண்ட மாற்றம் 3 ஆண்டுகளுக்குள் நடைமுறைக்கு வராவிட்டால், ஒரு நாடு நெறிமுறையை விட்டே விலகலாம். ஆனால் விலகும் நாட்டுக்கும் 4ஆவது பிரிவு அப்படியே இருக்கும், ஏனென்றால் அது 1959 ஒப்பந்தத்தைச் சேர்ந்தது. தோண்டப்போகிற இடம் யாருடையது என்ற பழைய கேள்விதான் அங்கே முதலில் எதிரே வந்து நிற்கும். 1952இல் ஹோப் விரிகுடாவில் துப்பாக்கி எடுக்கவைத்ததும் அதே கேள்விதான்.